கல்லூரிப் பெயரை மறைக்க வேண்டாம், ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்



சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு அனுப்பும் பயோடேட்டாவில் கல்லூரிப் பெயரை எடுத்துவிட்டு 'அண்ணா பல்கலைக்கழகம்' என்று மட்டும் போடச் சொல்லி நம் பிள்ளைகளுக்கு யாரோ யோசனை சொல்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. அப்படிப் போட்டால் கிண்டி வளாகத்தில் படித்ததாகத்தான் ஆள் எடுப்பவர் நினைப்பார். பிறகு சான்றிதழில் கீழக்கரை என்று பார்த்ததும் பொய் சொன்ன பையன் என்று ஆகிவிடும். நான்கு வருடம் ஒழுங்காகப் படித்தவனுக்கு இது தேவையா?

சிவில் படித்த நம் மாணவன் ஒருவன் சமீபத்தில் தன் பயோடேட்டாவைக் காட்டினான். 'முகமது சதக் பொறியியல் கல்லூரி' என்று மட்டும் இருந்தது. சென்னைக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சிறுசேரிப் பக்கம் உள்ள முகமது சதக் ஏ.ஜே. கல்லூரிதான் நினைவுக்கு வரும். எனவே 'கீழக்கரை, ராமநாதபுரம் மாவட்டம். 1984இல் தொடங்கியது, அண்ணா பல்கலைக்கழக இணைப்பு' என்று சேர்க்கச் சொன்னேன். 'இணைப்பு' என்ற சொல்லை விடக் கூடாது.

கம்பெனி விஷயம்தான் சிக்கல். ராமநாதபுரத்து ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்திருக்கிறான். அந்தப் பெயர் மதுரையிலேயே யாருக்கும் தெரியாது. ஆனால் வேலை நடந்தது புதிய பாம்பன் ரயில் பாலத்தில்! அதை அவன் எழுதவே இல்லை. அவன் அண்ணனோ, பாலம் கட்டிய ரயில் விகாஸ் நிகம் பெயரையே கம்பெனியாகப் போடு என்றாராம். கூடாது. பி.எஃப். கணக்கில் யார் பணம் கட்டினார்களோ அவர்கள்தான் முதலாளி. பெரிய கம்பெனிகள் வேலைக்குச் சேர்க்கும்போது அந்தப் பதிவையும் ரிலீவிங் லெட்டரையும் பயோடேட்டாவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பெயர் பொருந்தாவிட்டால் கையில் வந்த வேலையும் போகும்.

அதனால் ஒப்பந்தக்காரரின் பெயரைப் பி.எஃப். பதிவில் உள்ளபடியே எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தோம்: 'ராமநாதபுரம் கட்டுமான நிறுவனம், ரயில் விகாஸ் நிகம் கட்டிய 2 கிலோமீட்டர் நீளக் கடல் பாலத்தில் துணை ஒப்பந்தம்.' அடுத்து அவன் செய்த வேலை: கான்கிரீட் கட்டிகளை 7ஆம் நாளும் 28ஆம் நாளும் சோதித்துப் பதிவேடு எழுதியது. கப்பலுக்கு வழிவிட மேலே தூக்கும் 72.5 மீட்டர் பகுதியையும் சேர்க்கவா சார் என்றான். அதில் உன் கை பட்டதா என்று கேட்டேன். இல்லை என்றான். விட்டுவிட்டோம். நேர்காணலில் அதைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும்.

வாலிநோக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'உப்புக் கழகம்' என்று மட்டும் எழுதினால் ஏதோ சின்ன உப்பளம் என்று நினைப்பார்கள். 'தமிழ்நாடு உப்புக் கழகம், 1974இல் தொடங்கிய மாநில அரசு நிறுவனம்' என்று எழுதுங்கள்.

சந்தேகம் இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். இந்த இரண்டு வரிகளை மட்டும் பார்த்துச் சொல்கிறேன். கலர், டிசைன் எல்லாம் பேரப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.