பெட்டரிப் படம் எரிந்தால்...

அன்பின் சாரதி மாணவ, மாணவியருக்கு,



சென்ற கடிதத்தில், ஏற்றத்தில் வாகனத்தை நிறுத்தி, பின்னுக்கு உருளாமல் மீண்டும் எடுப்பது எப்படி என்று எழுதியிருந்தேன். இம்முறை ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிந்து அணையும் சின்னச் சின்ன விளக்குகளைப் பற்றி எழுதப் போகிறேன். எல்லாவற்றையும் பற்றி அல்ல. கதவு திறந்திருக்கிறது, பெல்ட் போடவில்லை என்பதையெல்லாம் படத்தைப் பார்த்தே நீங்கள் புரிந்துகொள்வீர்கள். படத்தைப் பார்த்துத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு விளக்கு இருக்கிறது. அதுதான் பெட்டரிப் படம்.

அதற்கு முன் ஒரு சிறு பயிற்சி. திறப்பை ஸ்டார்ட் வரை கொண்டு போகாமல், அதற்கு முந்திய ஓன் நிலையில் நிறுத்துங்கள். பொத்தான் அமுக்கும் கார் என்றால், பெரும்பாலானவற்றில் பிரேக்கை மிதிக்காமல் இரண்டு முறை அமுக்கினால் போதும். விளக்குகள் பல ஒன்றாக எரியும். ஒயில் கேன் படம், பெட்டரிப் படம், எஞ்சின் படம் எல்லாம் தெரியும். இது கோளாறு அல்ல. விளக்குகள் வேலை செய்கின்றன என்று வாகனம் உங்களுக்குக் காட்டுகிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஒயில் படமும் பெட்டரிப் படமும் அணைந்துவிட வேண்டும். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கியதும் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கும் அணைய வேண்டும். இறக்கிய பின்னும் அது எரிந்தால் பிரேக் ஒயில் குறைந்திருக்கலாம். அந்த வாகனத்தைப் பாதையில் இறக்காதீர்கள்.

கிளச்சை அவசரமாக விட்டு நடு வீதியில் எஞ்சின் நின்றுவிட்டால் ஒயில் படமும் பெட்டரிப் படமும் சிவப்பாக எரியும். என்னிடம் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் இதைப் பார்த்துப் பதறிப்போய்த் திறப்பையும் கையில் எடுத்துவிடுவார்கள். எஞ்சின் நின்றதால்தான் அவை எரிகின்றன. நியூட்ரலில் போட்டு மீண்டும் ஸ்டார்ட் செய்தால் அணைந்துவிடும்.

ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டரிப் படம் எரிந்தால்?

என்னிடம் பழகிய ஒரு சகோதரி, அனுமதிப்பத்திரம் கிடைத்து மூன்று மாதத்தில், மாவனல்லையிலிருந்து கண்டிக்குத் தனியாகப் புறப்பட்டார். உம்மா ஆஸ்பத்திரியில், கணவர் கட்டாரில், பின் ஆசனத்தில் ஆறு வயது மகன். கார் பழையது. கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கும் இடத்தில் பொனட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். உடனே பெட்டரிப் படம் எரிந்தது. அவர் பயப்படவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்தான் புதுப் பெட்டரி போட்டிருந்தார்கள். 'புதுப் பெட்டரிதானே, இந்த விளக்குத்தான் பிழையாகக் காட்டுகிறது' என்று நினைத்து ஏறிக்கொண்டே போனார்.

பெட்டரிப் படம் பெட்டரியின் வயதைச் சொல்வதில்லை. பெட்டரிக்கு மின்சாரம் வந்து சேரவில்லை என்பதைத்தான் சொல்கிறது. எஞ்சின் ஓடும்போது ஒல்டர்னேட்டர் என்ற கருவி மின்சாரம் உண்டாக்கிப் பெட்டரியை நிரப்பிக்கொண்டிருக்கும். நிரம்பிய பெட்டரி சும்மா இருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். ஒல்டர்னேட்டர் வேலை செய்தால் அது 14 வோல்ட் அளவுக்கு உயரும். உயராவிட்டால் விளக்கு எரியும். அந்த ஒல்டர்னேட்டரைச் சுழற்றுவது ஒரு ரப்பர் பெல்ட். நம் மக்கள் அதை ஃபேன் பெல்ட் என்பார்கள்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. பல கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. எஞ்சினின் சூட்டை வாங்கி ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் தண்ணீரை ஓட வைப்பது அந்தப் பம்ப். பெல்ட் அறுந்தால் மின்சாரம் நிற்பது மட்டுமல்ல, தண்ணீரும் நின்ற இடத்திலேயே நின்று கொதிக்கத் தொடங்கும். ஆனால் பெட்டரிப் படம் உடனே எரியும், சூடு காட்டும் சிவப்பு விளக்கு சில நிமிடம் கழித்துத்தான் எரியும். அந்தச் சில நிமிடம்தான் உங்கள் கையில் இருக்கிறது.

அந்தச் சகோதரிக்கு அது மேட்டில் கழிந்தது. சூட்டுமானியின் முள் மேலே ஏறியது, வெப்பமானிப் படம் சிவப்பாக எரிந்தது. 'இன்னும் இரண்டு வளைவு, கடை வந்துவிடும்' என்று மிதித்தார். கடை வருவதற்குள் எஞ்சின் தானாக நின்றது. எனக்குத் தொலைபேசி எடுத்தார்: "சேர், கார் நிண்டு பெய்த்து. பொகையா வருது."

"மகள், புள்ளயத் தூக்கிட்டு ரோட்டோரமா தள்ளி நில்லுங்க. பொனட்டத் தொட வேணாம்" என்றேன். போய்ப் பார்த்தால் பெல்ட் அறுந்து கீழே தொங்குகிறது. ஹெட் கேஸ்கெட் எரிந்து, ஹெட்டும் வளைந்திருந்தது. ஹெட்டைக் கழற்றிச் சீவிப் போட ஒன்பது நாள் கார் கராஜில் கிடந்தது. முதல் விளக்குக்கே நிறுத்தியிருந்தால் ஒரு பெல்டோடு போயிருக்கும். பாஸ் அவரைத்தான் குறை சொன்னார். எனக்கோ நெஞ்சு குத்தியது. "இது பெட்டரி லைட்" என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே! படத்தின் பெயரைச் சொன்னேன், அது எதைக் கேட்கிறது என்று சொல்லவில்லை.

ஆகவே இப்போது இப்படிச் சொல்லித் தருகிறேன். ஓடும்போது பெட்டரிப் படம் எரிந்தால் முதலில் சூட்டுமானியைப் பாருங்கள். பாதுகாப்பான ஓரம் கிடைத்ததும் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பொனட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட் இல்லை அல்லது தொளதொள என்று தொங்குகிறது என்றால் ஒரு வளைவு கூட ஓடாதீர்கள். பெல்ட் இறுக்கமாக இருக்கிறது, முள்ளும் நடுவில்தான் நிற்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் ஒல்டர்னேட்டரில். ஏசி, ரேடியோவை அணைத்துவிட்டு, பகல் நேரமானால், கிட்டிய கராஜ் வரை பெட்டரியில் உள்ளதைக் கொண்டு போகலாம். இடையில் எஞ்சினை அணைக்காதீர்கள், மீண்டும் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். இரவில் இதை நம்பிப் புறப்பட வேண்டாம், ஹெட் லைட் பெட்டரியைச் சீக்கிரம் குடித்துவிடும்.

சில கார்களில் தண்ணீர்ப் பம்பைச் சுழற்றுவது உள்ளே இருக்கும் வேறொரு பெல்ட். ஹைபிரிட் கார்களில் பலவற்றுக்கு மின்சாரப் பம்ப். உங்கள் காரில் எப்படி என்று அடுத்த சர்விஸின்போது பாஸிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டு விளக்கு எரிந்து நின்றுவிட்டால் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். அந்த மூடி தண்ணீரை அழுத்தத்தில் பிடித்து வைத்திருக்கிறது. உள்ளே 100 பாகைக்கு மேலான சூட்டிலும் அது கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திருகிய மாத்திரத்தில் ஆவியாக முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள், குழாய் கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறட்டும். சூட்டோடு சூடாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், உலோகம் வெடிக்கும்.

சிறிய கார்கள் பலவற்றில் முள் இல்லை, விளக்கு மட்டும்தான். காலையில் நீல நிற வெப்பமானிப் படம் எரிந்தால் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம், கொஞ்சம் ஓடியதும் அணையும். அதே படம் சிவப்பில் வந்தால்தான் மேலே சொன்னது.

ஒயில் கேன் படத்துக்கு மட்டும் இந்தச் சில நிமிட அவகாசமும் கிடையாது. ஓடும்போது அது எரிந்தால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ். அதற்கிடையில் நாளைக் காலை திறப்பை ஓன் நிலையில் நிறுத்திப் பாருங்கள். பெட்டரிப் படமோ ஒயில் படமோ அப்போது எரியவே இல்லை என்றால் பல்போ வயரோ போயிருக்கிறது. கராஜில் காட்டிவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.

உங்கள் சாரதிப் பயிற்சி ஆசிரியர்