ஒரு மின்னூல், எத்தனை வாசகர்?

அச்சுப் புத்தகத்தைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கே இடமில்லை. வாங்கியவர் படித்தபின் மனைவி படிப்பார், பிறகு மகள், பிறகு கோடை விடுமுறைக்கு வந்த அண்ணன் மகன். அவன் எடுத்துச் சென்றால் புத்தகம் திரும்பாது என்பது வேறு விஷயம். காகிதப் பிரதியைக் கைமாற்றுவதைப் பதிப்பாளர் தடுக்க முடியாது. ஒருமுறை விற்கப்பட்ட பிரதி எவர் கையில் புழங்குகிறது என்பதைப் பதிப்புரிமைச் சட்டம் பொருட்படுத்துவதில்லை.

மின்னூல் அவ்வாறன்று. கிண்டில் கடையின் பயன்பாட்டு விதிகளைப் பொறுமையாகப் படிக்கிறவர்கள் சிலரே. படித்தால், நூல் நமக்கு விற்கப்படவில்லை, உரிமமாகத் தரப்படுகிறது என்று அதில் தெளிவாக எழுதியிருப்பதைக் காணலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம்; ஆனால் அந்நிறுவனத்தின் கருவியிலோ செயலியிலோ மட்டுமே, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சாதனங்களில் மட்டுமே, சொந்த உபயோகத்துக்கு மட்டுமே படிக்கலாம். விற்பதற்கோ, வாடகைக்கு விடுவதற்கோ, பிறருக்கு வழங்குவதற்கோ அனுமதி இல்லை. பொத்தானில் மட்டும் 'வாங்கு' என்ற பொருளுடைய சொல் இத்தனை காலமும் இருந்துவந்தது. இந்த முரணைக் கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டமாக்கிப் பேசியது. வாங்குபவர் பெறுவது உரிமமே என்று தெளிவாகச் சொல்லாமல் அச்சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்ற அச்சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. சொல் ஒழுங்குபட்டது. உரிமையில் மாற்றமில்லை.

இவ்விடத்தில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொண்டு பார்த்தால் விஷயம் விளங்கும். தாம்பரத்தில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற தம்பதியர், அவர்களுடன் வசிக்கும் மகள், அவளது பத்து வயது மகன். தம்பதியரின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அம்மா தம் கணக்கில் 250 ரூபாய் செலுத்தி ஒரு தமிழ் நாவலைத் தரவிறக்குகிறார். இனி யார் யார் அதைப் படிக்கலாம்?

முதல் வழி எளியது, வீடுகளில் பெரும்பாலும் நடப்பதும் அதுவே. அம்மாவின் கிண்டிலும், அப்பாவின் பலகைக் கணினியும், மகளின் கைப்பேசியும் அம்மாவின் கணக்கிலேயே பதிவாகின்றன. பதிப்பாளர் வேறுவிதமாகக் குறிப்பிட்டாலொழிய ஒரு நூலை ஒரே சமயத்தில் ஆறு சாதனங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது வழக்கமான வரம்பு. சில நூல்களுக்கு இது குறைவு. நூலின் விற்பனைப் பக்கத்திலேயே எண் குறிக்கப்பட்டிருக்கும். ஷரத்து 'நீங்கள்' என்று ஒருவரைத்தான் விளிக்கிறது என்று வழக்கறிஞர் எவரேனும் வாதிடலாம். ஆயினும் ஒரே கூரையின் கீழ், ஒரே கணக்கில், எண்ணிக்கைக்கு உட்பட்டுப் படிப்பதைச் சொந்த உபயோகம் அல்ல என்று கூறுவது மிகையானது என்றே நாம் கருதுகிறோம்.

இவ்வழியின் தொல்லைகள் சட்டத்தைச் சார்ந்தவை அல்ல. சாதனங்கள் அனைத்தும் கடைசியாகப் படித்த பக்கத்தைத் தமக்குள் ஒத்திசைத்துக்கொள்கின்றன. அப்பா முந்நூறாம் பக்கத்தை எட்டியிருக்க, அம்மா நாற்பதாம் பக்கத்தில் புத்தகத்தைத் திறந்தால், முந்நூறுக்குப் போகலாமா என்று கருவி கேட்கும். யார் அடிக்கோடிட்டது என்பதும் குழம்பிவிடும். ஒத்திசைவைக் கணக்கின் அமைப்புகளில் நிறுத்தி வைக்கலாம். அதைவிடப் பெரிய சங்கடம், கணக்கைத் தந்தால் அதோடு இணைந்த கடனட்டையையும் தந்ததாகிறது என்பது. பேரனின் கையில் கைப்பேசி இருக்கிற வீட்டில் இது அற்ப விஷயமன்று.

இரண்டாவது வழி, நிறுவனங்களே வகுத்திருக்கும் குடும்பப் பகிர்வு. ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு இருக்கும். வாங்கிய நூல் மட்டும் பொதுவாகும். பக்கக் குறிகள் கலப்பதில்லை. அமேசானின் குடும்ப நூலகம் இரண்டு பெரியவர்களையும் நான்கு குழந்தைகள் வரையும் அனுமதிக்கிறது. இரு பெரியவர்களும் ஒருவர் கட்டண அட்டையை மற்றவர் பயன்படுத்தச் சம்மதிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. யாரென்றே தெரியாதவர்கள் சேர்ந்துகொண்டு பகிர்வதைத் தடுக்க இதைவிடத் திறமையான உபாயம் இல்லை. ஒருவர் விலகினால் 180 நாட்களுக்கு வேறு குடும்பத்தில் சேர இயலாது. இந்த வசதி எல்லா நாட்டுக் கணக்குகளுக்கும் கிடையாது; நம் கணக்கு எந்த நாட்டுக் கடையைச் சேர்ந்ததோ அதன் உதவிப் பக்கத்தை முதலில் பார்த்துவிட வேண்டும்.

இந்த வரையறையைத் தாம்பரத்து வீட்டின்மேல் பொருத்திப் பாருங்கள். அம்மாவும் அப்பாவும் இரண்டு பெரியவர்கள். மகள் மூன்றாவது பெரியவர், ஆகவே அவளுக்கு இடமில்லை. அவளுடைய மகனுக்கு இடம் உண்டு! இரு பெற்றோரும் சில குழந்தைகளும் கொண்டதே குடும்பம் என்று யாரோ ஒருவர் தம் வீட்டைப் பார்த்துக்கொண்டே இதை எழுதியிருக்க வேண்டும். தாத்தாவும் பாட்டியும் திருமணமான பிள்ளைகளும் ஒரே அடுப்பில் சமைத்துண்ணும் வீடு அவர் கண்ணில் பட்டிருக்க நியாயமில்லை. கூகுளும் ஆப்பிளும் உறவைக் கேட்பதில்லை. குழுவை அமைப்பவரையும் சேர்த்து ஆறு பேர் என்று தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றன. நம் வீடுகளுக்கு இக்கணக்கே பொருந்தி வருகிறது. ஆனால் கூகுள் குழுவில் எல்லாரும் ஒரே நாட்டில் வசிப்பவராக இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறைதான் குழு மாறலாம். சிங்கப்பூர் மகன் இங்கும் வெளியே நிற்கிறான். அச்சுப் புத்தகமாக இருந்தால் அடுத்த முறை ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு போயிருப்பான்.

மேலும் ஒன்று. பகிரப்பட்ட நூல் பகிர்ந்தவருடையதாகவே இருக்கிறது. அவர் குழுவை விட்டு விலகினால் அவர் வாங்கியவை மற்றவர் அலமாரியிலிருந்து மறையும். மணமுறிவில் நூலகம் எவருக்கு என்ற கேள்விக்கு இந்த ஒப்பந்தங்களில் விடை எழுதியாகிவிட்டது, நூல் வாங்கப்பட்ட கணக்கின் சொந்தக்காரருக்கே. இறப்புக்குப் பின் என்ன என்பது இன்னும் கடினம். உரிமம் பெயர் மாற்றத்தக்கது அல்லவாதலால், முந்நூறு நூல்கள் சேர்த்த பாட்டியின் கணக்குக்குச் சட்டப்படியான வாரிசு என்று ஒருவர் இல்லை. வாங்கியதைக் கணினியில் தரவிறக்கி வைத்துக்கொள்ள இருந்த வழியையும் அமேசான் 2025 பிப்ரவரி 26 அன்று நிறுத்திவிட்டது. 2009இல் ஆர்வெலின் இரண்டு நாவல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று காரணம் காட்டி, வாசகரின் கருவிகளிலிருந்தே அந்நிறுவனம் அழித்ததை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பணம் திருப்பித் தரப்பட்டது உண்மை. வாங்கிய புத்தகம் இரவோடு இரவாக அலமாரியிலிருந்து போகக்கூடும் என்பது தெரிந்துபோனதும் உண்மை.

மூன்றாவது வழி எல்லோரும் அறிந்தது. பூட்டை உடைத்துப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸப்பில் அனுப்புவது. மகனுக்கு மட்டும் என்று தொடங்கும். அத்தை வீட்டுக் குழுவுக்குப் போகும். அங்கிருந்து முன்பின் அறியாத ஆயிரம் பேருக்குப் போகும். எந்த உரிமமும் இதை அனுமதிப்பதில்லை. பூட்டில்லாத நூல்களைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. பதிவேற்றும்போது டி.ஆர்.எம். பூட்டு வேண்டுமா என்று பதிப்பாளரிடம் கேட்கப்படுகிறது. அவர் வேண்டாம் என்றால், நகலெடுக்கத் தடை இல்லை என்பதுதான் பொருள். அனுமதி உண்டு என்று பொருளல்ல. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன்ற தளங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடும் நூல்களில் மட்டும் அனுமதியே எழுத்தில் இருக்கிறது; அவற்றை ஊருக்கே அனுப்பலாம். வணிக நோக்கம் கூடாது, திருத்தக் கூடாது என்ற குறிப்புகள் உண்டா என்பதை மட்டும் நூலின் தொடக்கத்தில் பார்த்துக்கொண்டால் போதும்.

மென்பொருளின் கதை சற்று வேறு. அங்கே உரிமம் எதை எண்ணுகிறது என்பதே முதற் கேள்வி: கணினியையா, ஆளையா, வீட்டையா? மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் வீட்டு, மாணவர் பதிப்பு 2007இல் ஒரே வீட்டின் மூன்று கணினிகளில் நிறுவ இடம் தந்தது. 2013 பதிப்பில் அது ஒரே கணினியாகச் சுருங்கியது. அந்தக் கணினி பழுதானால் வேறொன்றுக்கு மாற்றவும் முடியாது என்றார்கள். வாங்கியவர்கள் கூச்சலிட்டபின் சில வாரங்களில் அதை மட்டும் தளர்த்தினார்கள். இன்று தனிநபர் சந்தா ஒருவருக்கு, குடும்பச் சந்தா ஆறு பேர் வரைக்கும். அடோபியின் தனிநபர் உரிமத்தை இரண்டு கணினிகளில் இயக்க நிலைக்குக் கொண்டுவரலாம்; ஆனால் பயன்படுத்துபவர் ஒருவரே, அதுவும் ஒரே சமயத்தில் இரண்டிலும் அல்ல. இரண்டாவது கணினி மகனுக்கு என்று பொருள் கொள்பவர்கள் நிறைய. அது பிழை.

ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல், தரவிறக்கிய மென்பொருளை வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2019 டிசம்பரில் மின்னூலுக்கு அவ்வுரிமையை மறுத்தது. மின்னூல் பழசாவதில்லை, ஆகவே இரண்டாங்கைப் பிரதி புதிய பிரதியோடு நேருக்கு நேர் போட்டியிடும் என்பது அதன் காரணங்களுள் ஒன்று. அதில் நியாயம் இல்லாமலில்லை. விற்பனைக்கும் முன்பின் அறியாதவருக்கு அனுப்புவதற்கும் அது பொருந்தும். ஒரே வீட்டில் நால்வர் படிப்பதற்கு அது எப்படிப் பொருந்தும் என்பது நமக்கு விளங்கவில்லை. அந்த நால்வரும் அச்சில் நான்கு பிரதிகள் வாங்கியிருக்கப் போவதில்லை.

தமிழ்ப் பதிப்பாளர்களிடம் நாம் கேட்பது இவ்வளவே. பெருங்கடைகளின் ஷரத்தை அவர்களால் மாற்ற முடியாது. பூட்டு வேண்டுமா வேண்டாமா என்ற ஒன்று மட்டுமே அங்கே அவர்கள் கையில் இருக்கிறது. தம் சொந்தத் தளத்தில் இபப் கோப்பாக விற்பவர்களுக்கு அந்தத் தளை இல்லை. அவர்கள் ஆங்கில ஒப்பந்தம் ஒன்றை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டாமல், பதிப்புரிமைப் பக்கத்தில் தமிழில் எழுதிவிடலாம்: இந்நூலை வாங்கியவரும், அவருடன் வசிப்பவர்களும், வெளியூரில் இருக்கும் அவருடைய பெற்றோரும் பிள்ளைகளும் இக்கோப்பைத் தத்தம் கருவிகளில் வைத்துப் படிக்கலாம், வேறெவருக்கும் அனுப்பலாகாது, வாங்கியவரின் காலத்துக்குப் பின் இது அவர் வாரிசுக்குச் சேரும். வாங்கியவர் பெயரை முதற் பக்கத்தில் அச்சிட்டு அனுப்பினால் அத்தை வீட்டுக் குழுவுக்குப் போவதும் ஓரளவு குறையும்.