மருத்துவமனை ஏடு சொல்லும் பொய்க்கணக்கு



“மருத்துவமனையில் சேர்ந்த இத்தனை நோயாளிகளை ஆராய்ந்ததில், இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த நோய் குறைவாக இருப்பது தெரிய வந்தது” என்னும் செய்திகளைத் தாங்கள் படித்திருப்பீர்கள். எண்ணியவர் நேர்மையானவர், கூட்டலிலும் பிழையில்லை. ஆயினும் முடிவு முற்றிலும் பொய்யாக இருக்கக்கூடும். இதனை 1946-ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டியவர் ஜோசப் பெர்க்சன். அமெரிக்காவின் மேயோ கிளினிக் என்னும் மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய இவர், மருத்துவமும் புள்ளியியலும் ஒருங்கே கற்றவர். நீரிழிவு நோயையும் பித்தப்பை அழற்சியையும் அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். அவ்விரு நோய்களையே நாமும் எடுத்துக்கொள்வோம். எண்கள் மட்டும் விளங்குவதற்காக நான் அமைத்துக்கொண்டவை.

பத்தாயிரம் பேர் வாழும் ஓர் ஊரைக் கற்பனை செய்யுங்கள். அங்கே 1000 பேருக்கு நீரிழிவு. பித்தப்பை அழற்சி நூற்றுக்கு ஐவருக்கு. இவ்விரு நோய்களுக்கும் இடையே இவ்வூரில் யாதொரு தொடர்பும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீரிழிவு உள்ள 1000 பேரில் 50 பேருக்கும், இல்லாத 9000 பேரில் 450 பேருக்கும் பித்தப்பை நோய் இருக்கும். இரு பக்கமும் நூற்றுக்கு ஐந்துதான்.

இனி மருத்துவமனை வாசலுக்கு வாருங்கள். நீரிழிவு மட்டும் உள்ளவர்கள் 950 பேர். அவர்களில் ஐந்தில் ஒருவர், அதாவது 190 பேர், படுக்கையில் சேர்கின்றனர். பித்தப்பை நோயோ வலி பொறுக்க விடாதது. ஆகவே அது மட்டும் உள்ள 450 பேரில் ஐந்துக்கு மூவர், 270 பேர், சேர்கின்றனர். இரண்டும் உள்ள 50 பேரில் பித்தப்பை வலியால் 30 பேரும், எஞ்சிய இருபதின்மரில் நீரிழிவால் 4 பேருமாக 34 பேர் சேர்கின்றனர். இரண்டு நோயும் இல்லாத 8550 பேரில் காய்ச்சல், எலும்பு முறிவு போன்ற வேறு காரணங்களுக்காக நூற்றுக்கு இருவர் வீதம் 171 பேர் சேர்கின்றனர். (நோயாளிகளும் கால் முறிந்து வரலாமே என்று கேட்பீர்கள். கணக்கு எளிதாக இருக்கவே அதனை விட்டுவிட்டேன். சேர்த்தாலும் முடிவு மாறாது.)

இப்போது மருத்துவமனை ஏட்டை மட்டும் கையிலெடுத்து எண்ணுவோம். உள்ளே இருக்கும் நீரிழிவுக்காரர்கள் 224 பேர். அவர்களில் பித்தப்பை நோய் 34 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 15. நீரிழிவு இல்லாதவர்கள் 441 பேர்; அவர்களில் 270 பேருக்கு, நூற்றுக்கு 61. நீரிழிவு பித்தப்பையைக் காக்கும் கேடயம் என்றல்லவா ஏடு சொல்கிறது! ஊரிலோ அப்படி ஒன்றுமே இல்லை.

காரணம் எளியது. படுக்கையில் இருக்கும் எவருக்கும் அங்கே வருவதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். நீரிழிவுக்காரருக்கு அவருடைய நோயே போதிய காரணம். நீரிழிவு இல்லாதவர் சும்மா வந்து படுத்திருக்க மாட்டார்; அவரைக் கொண்டுவந்தது வேறொன்று. பெரும்பாலும் அது பித்தப்பையே. ஒரு காரணம் இல்லையென்றவுடன் மற்றொன்றின் மீது சந்தேகம் கூடுகிறது. நோய்களுக்கிடையே இல்லாத உறவை வாசற்கதவு உண்டாக்கிவிட்டது.

இரு காரணங்களிலிருந்து புறப்பட்ட அம்புகள் வந்து மோதும் இத்தகைய இடத்தைப் புள்ளியியலார் ‘கொலைடர்’ என்பர். நம் உதாரணத்தில் மருத்துவமனையில் சேருவதே அந்த இடம். வயது அப்படிப்பட்டதன்று. வயதிலிருந்து அம்புகள் புறப்பட்டுச் செல்கின்றன. அது நீரிழிவையும் கூட்டும், வேறு பல நோய்களையும் கூட்டும். ஆகையால் ஒத்த வயதினரை ஒத்த வயதினரோடு ஒப்பிடுவதே முறை. இதனை ‘சரிக்கட்டுதல்’ என்பர். வயதைச் சரிக்கட்டினால் பொய்த்தொடர்பு நீங்கும். மருத்துவமனைச் சேர்க்கையைச் சரிக்கட்டினால் பொய்த்தொடர்பு பிறக்கும். நம் கற்பனை ஊரின் முழுக் கணக்கும் கையிலிருந்தால், ஐந்துக்கு ஐந்து என்ற நேரடி ஒப்பீடே சரியான விடை. ‘இன்னும் நுணுக்கமாகப் பார்ப்போம்’ என்று சேர்ந்தவர், சேராதவர் எனப் பிரித்து ஒப்பிடுபவர்தாம் சரியாக இருந்த விடையைக் கெடுக்கிறார். எத்தனை காரணிகளைச் சரிக்கட்டினோமோ அத்தனைக்கு ஆராய்ச்சி தூயது என்று கற்றவர்களே நம்பிக்கொண்டிருப்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

இது ஏட்டளவில் நின்றதன்று. கலிபோர்னியாவைச் சேர்ந்த யெருஷல்மி என்னும் ஆராய்ச்சியாளர் 1971-இல் ஒரு விந்தையை வெளியிட்டார். எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளை மட்டும் பார்த்தால், புகைபிடிக்கும் தாய்மாரின் குழந்தைகளைவிடப் புகைக்காத தாய்மாரின் குழந்தைகளே அதிகம் மரணமடைந்திருந்தன. புகை குழந்தைக்கு அரண் என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? மருத்துவமனை வாசலை நினைவுகூருங்கள். எடை குறைவதற்குப் புகை ஒரு காரணம். பிறவிக் குறைபாடு முதலிய கடுமையான காரணங்களும் உண்டு. எடை குறைந்த குழந்தையின் தாய் புகைக்காதவர் என்றால், அக்குழந்தையின் எடையைக் குறைத்தது வேறொன்று. அது பல வேளைகளில் புகையைவிடக் கொடியது. பிறப்பு எடை இங்கே அம்புகள் மோதும் இடமாகிவிட்டது.

1991-இல் அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளின் பதிவேடுகளைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2006-இல் வெளிவந்தது. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்து ஒப்பிட்டபோது, புகைக்கும் தாய்மாரின் குழந்தைகளிடையே மரணம் நூற்றுக்கு 55 பங்கு கூடுதலாக இருந்தது. பிறப்பு எடையைச் சரிக்கட்டியதும் அக்கூடுதல் 5 பங்காகச் சுருங்கிற்று. இந்தச் சுருக்கம் முழுவதையும் கொலைடரின் மீதே சுமத்திவிட முடியாது. புகை எடையைக் குறைத்து அதன் வழியாகவும் தீங்கு செய்யக்கூடும். எடையைச் சரிக்கட்டும்போது அந்த வழியும் கணக்கிலிருந்து அடைபடுகிறது. எவ்வாறாயினும் புகையின் முழுத் தீங்கை அறிய விரும்புவோர் எடையைத் தொடாதிருப்பதே சரி.

ஆகவே ஒரு காரணியைச் சரிக்கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி: இது நாம் ஆராயும் காரணத்திற்கு முன்னரே இருந்ததா, அல்லது அதன் விளைவாகப் பின்னர் வந்ததா? முன்னரே இருந்தது பெரும்பாலும் தீங்கு செய்யாது. பின்னர் வந்ததைத் தொடுமுன் அதனை வேறு எவையெல்லாம் உண்டாக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிழை எத்திசையில் சாயும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். நம் ஊரில் மருத்துவமனை ஏடு இல்லாத ஒரு தலைகீழ்த் தொடர்பைக் காட்டிற்று. கனடாவில் வீடுவீடாகத் திரட்டிய விவரங்களைக் கொண்டு 1978-இல் வெளியான ஆய்வில், மூச்சு நோய்க்கும் எலும்பு, தசை நோய்களுக்கும் மக்களிடையே தொடர்பு ஏறத்தாழ இல்லை. மருத்துவமனையில் சேர்ந்தவர்களை மட்டும் பார்த்தபோதோ ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் வாய்ப்பு நான்கு மடங்காகத் தோன்றியது. அங்கே இரு நோயும் கூடியவர்களே பெரிதும் மருத்துவமனையை நாடியிருந்தனர்.

வீடுவீடாகச் சென்றதால்தான் அவர்களுக்கு இது புலப்பட்டது. மருத்துவமனை ஏடு மட்டுமே கையிலுள்ளவருக்குச் சரிக்கட்டுவதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லை. வாசல் அவருக்காக முன்னமே பிரித்துவிட்டது. நம் ஊரில் நீரிழிவு மட்டும் இருந்து வீட்டிலேயே தங்கிவிட்ட 760 பேர் அந்த ஏட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை.