காளானுக்குப் படம் சாட்சி ஆகாது

ஐப்பசி மழை இறங்கினால் ராசிபுரம், ஓமலூர் பக்கமிருந்து எனக்குக் காளான் படங்கள் வர ஆரம்பித்துவிடும். கீழே ஒரே கேள்வி: "இதைச் சாப்பிடலாமாங்க?" அடுத்த நிமிஷமே குழுவில் யாராவது, "தாராளமா சாப்பிடுங்க, புத்துக்காளான்தான்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்புகளைத்தான் நான் எதிர்க்கிறேன்.

புற்றுக்காளான் நல்ல உணவு, அதில் சண்டையில்லை. ஆனால் அதன் முக்கியமான அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது. தண்டு வேர்போல நீண்டு, கீழே கரையான் வளர்க்கும் பூஞ்சைக் கூட்டில் போய் முடியும். மேலிருந்து எடுத்த படத்தில் இது எப்படித் தெரியும்?

புல்வெளியிலும் எரு போட்ட மண்ணிலும் மழைக்குப் பிறகு இன்னொன்று முளைக்கும். பெயர் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில், தண்டில் ஒரு வளையம். இளசாக இருக்கும்போது குடைக்கு அடியிலுள்ள மடிப்புகளும் வெள்ளைதான். முற்றினால்தான் பச்சை பாயும். படம் எடுப்பதோ பெரும்பாலும் இளசாக, அழகாக இருக்கும்போது! தின்றால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆளைப் புரட்டிப்போடும்.

இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. விரிந்த குடையைத் தண்டிலிருந்து வெட்டி, மடிப்பு கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து, டம்ளரால் மூடி ஓர் இரவு விடுங்கள். வித்துத்தூள் தாளில் படியும். பச்சையாக இருந்தால் குப்பைக்குப் போடுங்கள். விரியாத மொட்டில் தூள் விழாது, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

"பச்சை இல்லைன்னா சாப்பிடலாம்ல?" என்று கேட்பார்கள். கூடாது. ஈரலை அழிக்கும் அமானிட்டா வகைகளின் தூள் வெள்ளை. அவற்றின் தண்டடியில் கிண்ணம்போல ஓர் உறை மண்ணுக்குள் இருக்கும். பிடுங்கி எடுத்தால் அது மண்ணிலேயே தங்கிவிடும், அதனால் சுற்றித் தோண்டித்தான் பார்க்கவேண்டும். இந்த அடையாளங்கள் எல்லாம் 'வேண்டாம்' என்று சொல்லத்தான் உதவும். 'சாப்பிடு' என்று சொல்ல, அந்த இடத்தில் அந்தக் காளானையே வருஷக்கணக்கில் எடுத்துவந்தவர், முழுசாகத் தோண்டிய காளானைக் கையில் வாங்கிப் பார்க்கவேண்டும்.

வெள்ளிக்காசு கறுக்குமா, பூண்டு நிறம் மாறுமா, புழு தின்றிருக்கிறதா என்பதெல்லாம் சோதனையே அல்ல. அமானிட்டா நஞ்சு வேகவைத்தாலும் போகாது. அது ஆறு மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். இடையில் தேறியதுபோல இருக்கும், பிறகு ஈரல் கெடும். எனவே யாராவது தின்றுவிட்டால், வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டில் இருக்காதீர்கள். மிச்சக் காளானையும் தின்ற நேரத்தையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

குழுவில் தீர்ப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: படத்துக்குப் பதிலாக "தெரியல, சாப்பிடாதீங்க" என்று எழுதுங்கள். அதனால் போவது ஒரு வேளைக் குழம்புதான்.