குற்றத்தின் பெயரைப் பார்த்து விலங்கு பூட்டக் கூடாது

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, காவல்துறையின் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்திருக்கிறது. அதன் 43(3) பிரிவு, யாருக்கெல்லாம் கைவிலங்கு பூட்டலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர், காவலில் இருந்து தப்பியவர், திட்டமிட்ட குற்றம், பயங்கரவாதம், போதைப்பொருள், சட்டவிரோத ஆயுதம், கொலை, பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு, கள்ளநோட்டு, ஆள்கடத்தல், குழந்தைகள் மீதான பாலியல் குற்றம், அரசுக்கு எதிரான குற்றம் என்று அது நீள்கிறது. கைது செய்யும்போதும் நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தும்போதும் இவர்களுக்கு விலங்கு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு இருந்ததில்லை.

இந்தப் பட்டியலைச் சில காவல் நிலையங்கள் அனுமதிச் சீட்டாகப் படிக்கத் தொடங்கினால், உச்ச நீதிமன்றம் 1980-இல் மூடிய கதவு மீண்டும் திறந்துகொள்ளும். அதை அனுமதிக்கவே கூடாது.

அந்த ஆண்டுதான் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் தீர்ப்பு வந்தது. டெல்லி சிறையில் இருந்த விசாரணைக் கைதி ஒருவர், தன்னை விலங்கிட்டே நீதிமன்றத்துக்கு இழுத்துச் செல்கிறார்கள் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குத் தந்தி அனுப்பினார். அந்தத் தந்தியே மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அப்போது நடைமுறையில் இருந்த பஞ்சாப் காவல் விதிகளின்படி, மூன்று ஆண்டுகளுக்கு மேல் தண்டனைக்குரிய, பிணையில் விட முடியாத குற்றம் சாட்டப்பட்டவருக்கு விலங்கு வழக்கமாகவே பூட்டப்பட்டது. வசதியும் அந்தஸ்தும் உள்ள 'மேல் வகுப்பு'க் கைதிகளுக்குச் சலுகை இருந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இந்த இரண்டையும் ஏற்கவில்லை. குற்றச்சாட்டு எவ்வளவு கடுமையானது என்பது அளவுகோல் அல்ல; இந்த மனிதர் தப்பி ஓடிவிடுவார் என்பதற்குத் தெளிவான, உடனடியான ஆபத்து இருக்கிறதா என்பதே கேள்வி என்றது. அப்படி ஆபத்து இருந்தால்கூடக் காரணத்தை அப்போதே எழுதிவைக்க வேண்டும். அதை நீதிபதியிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். வழிக்காவலுக்கு ஆள் போதவில்லை என்பது விலங்குக்குக் காரணம் ஆகாது.

புதிய சட்டத்தின் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீதிமன்றம் ஆளைப் பார்க்கச் சொன்னது. பட்டியல் குற்றத்தின் பெயரைப் பார்க்கிறது. 'குற்றம் செய்தவர்' என்றே சட்டத்தின் வாசகம் இருக்கிறது. கைது செய்யும் நேரத்தில் ஒருவர் குற்றம் செய்தவர் என்று யார் முடிவு செய்தார்கள்? அந்தக் கட்டத்தில் இருப்பது காவல்துறையின் சந்தேகம் மட்டுமே.

போதைப்பொருள் குற்றத்தையே எடுத்துக்கொள்வோம். கஞ்சாவைப் பொறுத்தவரை ஒரு கிலோவுக்குக் குறைவானது 'சிறிய அளவு'. அதை வைத்திருந்தால் அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. இருபது கிலோவுக்கு மேல் என்றால் வணிக அளவு. அதற்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு. ஐம்பது கிராம் பொட்டலத்தோடு பிடிபடும் கல்லூரி மாணவனும், லாரியில் மூட்டை மூட்டையாகக் கடத்துபவரும் 43(3) பிரிவின் கண்ணுக்கு ஒன்றுதான். சட்ட மசோதாவில் பொருளாதாரக் குற்றங்களும் இந்தப் பட்டியலில் இருந்தன. அந்தச் சொல் சிறு குற்றம் முதல் பெருங்குற்றம் வரை எல்லாவற்றையும் உள்ளடக்கிவிடுகிறது என்று நாடாளுமன்ற நிலைக்குழு ஆட்சேபித்ததால் அது நீக்கப்பட்டது. சரியான ஆட்சேபணை. அதே ஆட்சேபணை போதைப்பொருள் குற்றத்துக்கும் அப்படியே பொருந்தும் என்பது ஏன் எவருக்கும் தோன்றவில்லை? கோடிகளில் மோசடி செய்தவருக்குக் கிடைத்த நியாயம் அந்த மாணவனுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

1980-இன் தீர்ப்பு அரசியல் சாசனத்தின் 14, 19, 21 பிரிவுகளின் மேல் நிற்கிறது. நாடாளுமன்றத்தின் சாதாரணச் சட்டம் அதைத் தள்ளிவைக்க முடியாது. 43(3) பிரிவும் 'விலங்கிடலாம்' என்கிறதே ஒழிய, 'விலங்கிட வேண்டும்' என்று சொல்லவில்லை. தப்பிச் செல்வதைத் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்னும் பழைய விதியும் அதே சட்டத்தின் 46-ஆம் பிரிவாக இருக்கிறது. ஆகவே பட்டியலில் குற்றம் இருப்பது முதல் படி மட்டுமே. இந்த ஆளுக்கு ஏன் என்ற காரணம் இரண்டாவது படி. இரண்டும் சேர்ந்தால்தான் விலங்கு சட்டப்படியானது என்பதே எமது நிலைப்பாடு.

1995-இல் அசாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. மருத்துவமனையில் இருந்த கைதிகள் கட்டிலோடு விலங்கிடப்பட்டிருந்ததைப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். சிறையிலோ, சிறையில் இருந்து நீதிமன்றத்துக்குச் செல்லும் வழியிலோ, மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் விலங்கு கூடாது என்று தீர்ப்பு வந்தது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யும்போது தகுந்த காரணம் இருந்தால் போலீஸார் விலங்கிடலாம். ஆனால் அது காவல் நிலையத்துக்கும் அங்கிருந்து மாஜிஸ்திரேட் முன்பும் கொண்டுபோகும் வரைதான். மீறினால் நீதிமன்ற அவமதிப்பு.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று கேட்பவர்களுக்குக் குஜராத்தின் நடியாட் நகரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1989 செப்டம்பர் 25-ஆம் தேதி, அந்த ஊரின் தலைமை நீதித்துறை மாஜிஸ்திரேட்டைக் காவல் ஆய்வாளர் ஒருவர் நிலையத்துக்கு அழைத்தார். அங்கே அவர் வாயில் மது வலுக்கட்டாயமாக ஊற்றப்பட்டது. கையில் விலங்கு பூட்டி, உடம்பைத் தடித்த கயிற்றால் கட்டி, மருத்துவமனைக்குக் கொண்டுபோய், வருவோர் போவோர் பார்க்கும்படி உட்காரவைத்தார்கள். புகைப்படக்காரர் வந்து படம் எடுத்தார். 1991-இல் உச்ச நீதிமன்றம் சம்பந்தப்பட்ட அதிகாரிகளை அவமதிப்புக் குற்றத்துக்காகத் தண்டித்தது. அந்த விலங்கு அவர் தப்பி ஓடாமல் இருக்கப் போடப்பட்டதா? ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகப் போடப்பட்டது. ஒரு மாஜிஸ்திரேட்டுக்கே இந்தக் கதி என்றால், வக்கீலும் இல்லாமல் விவரமும் தெரியாமல் நிற்கும் கூலித் தொழிலாளியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

காவலர்களின் தரப்பையும் நாம் மறைக்கவில்லை. வழிக்காவலுக்குப் போகும்போது கைதி ஓடிவிட்டால், முதலில் வேலையை இழந்து நிற்பவர் அந்தக் காவலர்தான். பேருந்தில் ஒரு கொலை வழக்குக் கைதியோடு இரண்டே பேராகப் பயணிக்கும் அவர்களின் பயம் உண்மையானது. அந்தப் பயத்துக்கு மருந்து, முன்கூட்டியே மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு உத்தரவு வாங்குவது. 'இவர் இந்தத் தேதியில் காவலில் இருந்து தப்பியவர்', 'இவரை மீட்கக் கூட்டாளிகள் முயல்வதாகத் தகவல் உள்ளது' என்று ஒரு பத்தி எழுத ஐந்து நிமிடம் போதும். அந்த உத்தரவு கைதியைக் காப்பதோடு, பின்னால் வழக்கு வந்தால் காவலரையும் காக்கும்.

உடல் சோதனையிலும் கேள்வி இதேதான்: யாரை, எதற்காக, எந்த எல்லை வரை?

சுரக்ஷா சன்ஹிதாவின் 49-ஆம் பிரிவு, கைதானவரைச் சோதிக்கலாம் என்கிறது. உடுத்தியிருக்கும் அவசியமான துணியைத் தவிர மற்றப் பொருள்களை எடுத்துப் பத்திரப்படுத்தலாம். எடுத்தவற்றுக்கு ரசீது தர வேண்டும். பெண்ணைப் பெண்தான், கண்ணியம் குறையாமல், சோதிக்க வேண்டும். கைதுக்குப் பிந்தைய அதிகாரம் இது. சாலையில் போகும் எவரையும் நிறுத்திச் சட்டைப்பையைத் துழாவ இந்தப் பிரிவு இடம் தரவில்லை. உடலுக்குள் பரிசோதிப்பது, ரத்தம் எடுப்பது எல்லாம் பதிவு பெற்ற மருத்துவரின் வேலை. அது 51-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. முன்பு அந்தக் கோரிக்கையை உதவி ஆய்வாளருக்குக் குறையாத அதிகாரிதான் வைக்க முடியும். புதிய சட்டம் 'எந்தக் காவல் அதிகாரியும்' என்று தளர்த்திவிட்டது. இது தவறான தளர்வு, திருத்தப்பட வேண்டும்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு இதைவிடக் கறாரானது. சந்தேகத்தின் பேரில் ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என அவரிடம் சொல்லியாக வேண்டும். உடலில் இருந்து எடுத்த பொருளைக் கொண்டு மட்டுமே வழக்கு நிற்கிறது என்றால், இதைச் சொல்லத் தவறியதே வழக்கைச் சாய்த்துவிடும். ராஜஸ்தானில் ஒரு வழக்கு. இருவர் பிடிபட்டார்கள். அவர்களுடைய பையையும் உடலையும் சோதித்தார்கள். உரிமையைப் பற்றி இருவருக்கும் சேர்த்து ஒரே நோட்டீஸ். ஒருவரே இருவருக்கும் கையெழுத்துப் போட்டார். கூடவே, சோதனைக்கு வந்த குழுவிலேயே இருந்த ஓர் அதிகாரியின் முன்னிலையிலும் சோதித்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இல்லாத மூன்றாவது வழி ஒன்றையும் சொன்னார்கள். உரிமை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லப்பட வேண்டும் என்றும், அந்த மூன்றாவது வழி கூடாது என்றும் 2014-இல் கூறிய உச்ச நீதிமன்றம், இருவரின் விடுதலையை உறுதி செய்தது. அவர்கள் குற்றமே செய்திருந்தால்கூட, அவர்களைத் தப்பவிட்டது சட்டமன்று, அவசரமாக நிரப்பிய அந்த ஒரு தாள்தான். எல்லையை மதிப்பது காவல்துறைக்கும் லாபம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அதே நேரம், இந்தப் பாதுகாப்பு உடலுக்குத்தான். கையில் பிடித்திருக்கும் பைக்கு இல்லை என்பதையும் நீதிமன்றங்கள் உறுதிப்படுத்தியிருக்கின்றன.

ஆடையைக் களையச் சொல்லும் சோதனை எப்போது கூடும், எந்த அறையில், யார் இருக்க என்பதற்கு 49-ஆம் பிரிவில் விடை இல்லை. திருநங்கையரையும் திருநம்பியரையும் யார் சோதிப்பது என்றும் அது பேசவில்லை. மேலதிகாரியின் எழுத்து உத்தரவு இல்லாமல் ஆடை களையக் கூடாது, மூடிய அறையில்தான் சோதிக்க வேண்டும், யார் சோதிக்க வேண்டும் என்று திருநரிடமே கேட்க வேண்டும் என மாநில அரசு விதி வகுக்க வேண்டும். இதற்கு நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

விலங்கைப் பொறுத்தவரை புதிய விதிகூட வேண்டாம். ஆஜர்படுத்தப்படும் ஒவ்வொருவரிடமும், "உங்களுக்கு விலங்கு போட்டார்களா?" என்று நீதிமன்றமே கேட்க வேண்டும், போட்டிருந்தால் அந்த அதிகாரியிடம் அங்கேயே விளக்கம் பெற வேண்டும் என்று 1980-ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ரிமாண்ட் உத்தரவில் இந்தக் கேள்வியையும் அதற்கான பதிலையும் கட்டாயமாகப் பதிவு செய்யும்படி உயர் நீதிமன்றங்கள் தம் கீழுள்ள மாஜிஸ்திரேட்டுகளுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் அதை முதலில் செய்யட்டும்.