சொன்னது ஒன்று, அச்சேறியது வேறொன்று

2024-ஆம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி, ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து, குழந்தைகள் ஐவர் உட்பட ஏழு பேர் மாண்டனர். டிசம்பர் 13-ந் தேதி கார்த்திகை தீபம். மலைமீது ஜனங்களை விடுவதா என்பதே ஊரெங்கும் பேச்சாயிற்று. நிபுணர்கள் மலையைப் பரிசோதித்தார்கள். முடிவில் தீபம் ஏற்றப்பட்டது. பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. முடிவு தெரியாதிருந்த அந்த நாட்களில், அதிகாரிகளின் வாய்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் எத்தகைய விலை இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தகைய நிருபர் கூட்டமொன்றில் ஓர் அதிகாரி இவ்விதம் பேசுவதாக வைத்துக்கொள்வோம்: “குழு அறிக்கை வரட்டும்; அதுக்கப்புறம்தான் ஏற விடுறதப் பத்தி முடிவு பண்ணுவோம். இப்போதைக்கு யாருக்கும் சீட்டு குடுக்கல.” பயிற்சிக்கு வந்த இளம் நிருபர், “மலையேற அனுமதி கிடையாது” என்று மேற்கோள் குறிக்குள் எழுதிவிடுகிறார். அதிகாரி அந்தச் சொற்களைச் சொல்லவே இல்லை. நிலுவையிலுள்ள விஷயம் தீர்ப்பாகிவிட்டது. “இப்போதைக்கு” என்ற சொல்லும் மறைந்துவிட்டது.

சரியான செய்திக்கு இரண்டு வாக்கியங்கள் போதும். “நிபுணர் குழுவின் அறிக்கை வந்த பிறகே பக்தர்களை மலையேற அனுமதிப்பது பற்றி முடிவு செய்யப்படும்” என்ற பொருளை, குறியின்றி, பேசியவரின் பதவியும் பெயரும் தேதியும் சேர்த்து முதலில் எழுத வேண்டும். அடுத்து, “இப்போதைக்கு யாருக்கும் சீட்டு கொடுக்கவில்லை” என்பதை மேற்கோளாகத் தரலாம்.

“குடுக்கல” என்பது “கொடுக்கவில்லை” ஆனது குற்றமாகாதோ எனலாம். ஆகாது. பேச்சுத் தமிழின் உச்சரிப்பை எழுத்து நடைக்கு மாற்றுவது பத்திரிகை வழக்கம். ஆனால் அந்த உரிமை அவ்வளவோடு நிற்க வேண்டும். “தான்”, “பார்க்கலாம்”, “முயல்வோம்” போன்ற சொற்களில்தான் பேசியவர் எவ்வளவு வாக்களித்தார் என்பது அடங்கியிருக்கிறது. “முயல்வோம்” என்பதைச் “செய்வோம்” என்று திருத்துவது நடைத் திருத்தமன்று; அவர் கொடாத வாக்குறுதியை அவர் வாயில் திணிப்பதாகும். இங்கிலீஷில் சொன்னதைத் தமிழாக்கினால் குறியை நீக்கிப் பொருளை மட்டும் கூறுவதே நேர்மை.

ஆகவே, நிருபர் தம் குறிப்புப் புத்தகத்தில், சொல்லுக்குச் சொல் எழுதிய வாக்கியத்துக்கு மட்டும் ஓர் அடையாளமிட வேண்டும். அடையாளமில்லாதது மேற்கோளாகக் கூடாது. ஒலிப்பதிவு இருந்தால், முக்கியமான வாக்கியம் வந்த நேரத்தை ஓரத்தில் குறித்துக்கொண்டு, எழுதும்போது திரும்பக் கேட்க வேண்டும். எண்களையும் பெயர்களையும் கூட்டம் கலையுமுன் வாசித்துக் காட்டிச் சரிபார்ப்பது நலம். அச்சிட்ட அறிக்கையும் வாய்மொழியும் மாறுபட்டால், எது எங்கிருந்து வந்தது என்று செய்தியிலேயே கூற வேண்டும்.

தலைப்பையும் இதே தராசில் நிறுக்க வேண்டும். உள்ளே “முடிவு செய்யப்படும்” என்றிருக்க, மேலே “தடை” என்று போட்டால், தலைப்பை மட்டும் பார்த்த யாத்ரிகன் பயணத்தைக் கைவிடுவான். மறுநாள் பிரசுரிக்கும் திருத்தம் அவன் கண்ணில் படும் என்பதற்கு யாதொரு நிச்சயமுமில்லை.