கால் போத்தலுக்குள் ஒரு கோப்பைச் சோறு: மலையகத்தில் வயிறு ஏன் பெருக்கிறது?

ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்தின்போதும் மதுவரி கூட்டப்படுவதும், அதையொட்டிச் சாராயத்தின் விலை ஏறுவதும், விலை ஏறினால் கசிப்பு பெருகும் என்ற எச்சரிக்கை எழுவதும் வழக்கமாகிவிட்டது. மலையகத்தில் இந்த விவாதம் சம்பளத்தோடு சேர்ந்தே நடக்கிறது. 2024 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோதும், அந்தச் சம்பளத்தில் எவ்வளவு தவறணைக்குப் போகும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். குடியின் செலவை ரூபாவில் எண்ண நாம் பழகிவிட்டோம். உடலில் அது சேர்க்கும் கணக்கை யாரும் எண்ணுவதில்லை.

ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் சந்தித்த முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர்தான் இந்தக் கேள்வியை என்னிடம் போட்டார். நாற்பதைத் தாண்டியவர். முன்பு கவ்வாத்து வெட்டியவர், இப்போது நாள் முழுவதும் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். “தம்பி, ராத்திரிக்குச் சோறே சரியா திங்கிறதில்ல. வயிறு மட்டும் எங்கேருந்து வருது?” என்றார். வாரத்தில் ஐந்து நாட்கள் கால் போத்தல் சாராயம், கலந்து குடிக்க இனிப்புச் சோடா, கடிக்க ஒரு பைக்கற் மிக்சர். இதுதான் அவருடைய மாலை.

கால் போத்தல் என்பது 180 மில்லிலீற்றர். போத்தலில் 33.5 வீதம் மதுசாரம் என்று அச்சிட்டிருந்தால் அதில் ஏறத்தாழ 60 மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கிறது. மதுசாரம் தண்ணீரைவிட இலேசானது என்பதால் அதன் நிறை 47 கிராம் அளவில் வரும். ஒரு கிராம் மாச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, ஒரு கிராம் மதுசாரத்தில் 7 கலோரி. ஆகவே அந்தக் கால் போத்தல் மட்டும் 330 கலோரி. 90 கிராம் அரிசியைச் சமைத்தால் கிடைக்கும் சோற்றில் உள்ள அளவுதான் இது. சாராயத்தில் சீனி இல்லை என்பது உண்மை. ஆனால் கலோரி சீனியிலிருந்து வரவில்லை, மதுசாரத்திலிருந்தே வருகிறது.

இனி அவருடைய மாலையைக் கூட்டிப் பார்ப்போம். ஒரு கிளாஸ் இனிப்புச் சோடா சுமார் 70 கலோரி. எண்ணெயில் பொரித்த மிக்சர் 50 கிராம் சுமார் 270 கலோரி. மொத்தம் 670. குடித்த இரவுகளில் இரண்டு ரொட்டி குறைத்துச் சாப்பிடுவதாக அவர் சொன்னார். அதற்கு 350 கலோரி வரை கழித்தாலும், ஓர் இரவுக்கு 300 கலோரிக்கு மேல் மிஞ்சுகிறது. ஏற்றத்தில் ஒரு மணித்தியாலம் நடந்தால் செலவாகும் சக்தி இது. கவ்வாத்து வெட்டிய காலத்தில் மலை அதைக் கரைத்திருக்கும். வண்டி ஓட்டும்போது அது கரைவதில்லை.

வாரத்துக்கு 1,500 கலோரி மிஞ்சுகிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருப்பதால், தாளில் பார்த்தால் ஐந்து வாரத்துக்கு ஒரு கிலோ கூட வேண்டும். உண்மையில் அவ்வளவு வேகமாகக் கூடாது. எடை ஏற ஏற உடலின் செலவும் கூடும். ஆனாலும் வருடத்துக்குச் சில கிலோ ஏறிக்கொண்டிருக்க இது போதும்.

இதில் பலர் அறியாத ஒரு விடயம் உண்டு. மாச்சத்தையும் கொழுப்பையும் உடல் சேமித்து வைக்கும். மதுசாரத்தைச் சேமிக்க அதற்கு இடமில்லை. அதனால் ஈரல் மற்ற வேலைகளைப் பின்தள்ளிவிட்டு மதுசாரத்தை முதலில் எரிக்கிறது. மணித்தியாலத்துக்கு 7 முதல் 10 கிராம்தான் அதனால் முடியும். கால் போத்தலை எரித்து முடிக்க ஐந்து, ஆறு மணித்தியாலம் ஆகும். அதுவரை உடல் வழமைபோல் கொழுப்பை எரிப்பதில்லை. மிக்சரில் வந்த எண்ணெய் அப்படியே சேமிப்புக்குப் போகிறது. சாராயம் கொழுப்பாக மாறுவது மிகக் குறைவு. கூடவே சாப்பிட்டதைக் கொழுப்பாகத் தங்க வைப்பதே அதன் வேலை. ஆண்களில் அந்தக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றுக்குள், குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் படிகிறது.

“பியர்தானே” என்பவர்களுக்கும் கணக்கு வேறல்ல. 8.8 வீதமுள்ள ஸ்ட்ரோங் பியர் 625 மில்லிலீற்றர் போத்தலில் மதுசாரத்தால் மட்டும் 300 கலோரி. அதில் எஞ்சிய மாச்சத்தையும் சேர்த்தால் கால் போத்தல் சாராயத்தை மிஞ்சும். கசிப்பில் எத்தனை வீதம் என்று காய்ச்சுகிறவருக்கே தெரியாது. விலை குறைவதால் கலோரி குறைவதில்லை. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய நம்மவர்கள் அங்கே குடிக்கும் கள்ளும் அப்படித்தான். 5 வீதமுள்ள கள்ளு ஒரு போத்தலில் மதுசாரத்தால் 200 கலோரி. புளிக்காத சீனி அதற்கு மேல்.

எப்போதாவது கொஞ்சம் குடிப்பவர்கள் எல்லோருக்கும் வயிறு பெருக்கும் என்று சொல்ல முடியாது. அளவும் நாட்களும் கூடும்போதுதான் தொடர்பு தெளிவாகிறது. சாப்பாட்டையே விட்டுவிட்டுக் குடிப்பவர்கள் மெலிந்தும் போகிறார்கள். இங்கேதான் ஒரு ஆபத்தான குழப்பம் இருக்கிறது.

எல்லா வயிறும் கொழுப்பு வயிறல்ல. கொழுப்பு வயிறு வருடக்கணக்கில் வளரும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடா வைத்து அளந்தால், நம் பகுதி ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. அதைத் தாண்டினால் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் நெருங்கி வரும். ஆனால் கை கால் மெலிந்து வயிறு மட்டும் சில வாரங்களில் உப்பினால், தோல் இறுகினால், மல்லாந்து படுக்கும்போது வயிற்றின் இருபுறமும் பிதுங்கினால், பாதம் வீங்கினால், கண் மஞ்சளித்தால் அது கொழுப்பாக இராது. ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கட்டும் மகோதரமாக இருக்கலாம். “தொப்பை போட்டிருக்கிறான்” என்று லயத்தில் கேலி பேசி நாட்களைக் கடத்தாமல் டிக்கோயா, நுவரெலியா போன்ற வைத்தியசாலை ஒன்றுக்குப் போக வேண்டிய நேரம் அது.

சாரதிக்கு நான் காட்டிய கணக்கில் சோடாவுக்குப் பதில் தண்ணீர் கலந்தால் 70 கலோரிதான் மிச்சம். மிக்சரை விட்டால் 270. ஐந்து இரவை இரண்டாகக் குறைத்தால் வாரத்துக்கு மிஞ்சும் 1,500 கலோரி 600 ஆகும். பெரிய வெட்டு இரவுகளின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ஆனால் தினமும் அதிகமாகக் குடித்து, காலையில் கை நடுங்குகிறவர்கள் ஒரே நாளில் தாமாக நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம். வைத்தியரின் துணையோடு நிறுத்த வேண்டும்.

எஞ்சிய கேள்வி அரசாங்கத்துக்கானது. 2016 முதல் இலங்கையில் இனிப்புப் பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்ப சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் இடப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசம்பர் 8 இற்குப் பின் தயாரிக்கப்பட்ட வைன் போத்தலில் கலோரி அளவு குறிக்கப்பட வேண்டும். ஹட்டனில் நான் எடுத்துப் பார்த்த சாராயப் போத்தல்களில் மதுசாரத்தின் வீதம் இருந்தது, கலோரி இல்லை. சோடாவின் 70 கலோரிக்கு எச்சரிக்கை உண்டு, அதோடு கலக்கும் 330 கலோரிக்கு இல்லை. மதுவரியை உயர்த்தும் வர்த்தமானியோடு, போத்தலில் அந்த ஒரு எண்ணை அச்சிடும் விதியையும் ஏன் கொண்டுவர முடியாது?